ஆறு மில்லிகிராம் பெட்ரோல்

100 சிசி பைக் ஒன்று மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கியாகிவிட்டது. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உள்ளே இழுக்கும். அப்படிப் பார்த்தாலும் நொடிக்கு நாற்பது முறைக்கு மேல் இழுத்தாக வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கிடைக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அந்த நேரத்துக்குள் சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறக்குறைய 80 மில்லிலிட்டர். அதன் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் காற்றோடு சேர்ந்து எரிய வேண்டிய பெட்ரோல் எவ்வளவு தெரியுமா? சுமார் 6 மில்லிகிராம். ஒரு சொட்டில் பாதிகூட வராது.

இந்த ஆறு மில்லிகிராமை அளந்து, பொடிப்பொடியாகச் சிதறடித்து, காற்றில் கலந்து அனுப்பும் வேலையை நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்தது கார்புரேட்டர். அதற்குப் பேட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம், கணக்குப் போடச் சில்லு வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கூட்டுக்குள் ஒரு மிதவை, ஓர் ஊசி, ஓட்டை போட்ட இரண்டு மூன்று பித்தளைத் துண்டுகள், சாமான் அவ்வளவுதான். ஆனாலும் 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்தியாவில் விற்பனைக்கு வந்த புது பைக்குகளில் இருந்து அது ஏறக்குறைய மறைந்தேவிட்டது. அந்த இடத்துக்கு எஃப்.ஐ. எனப்படும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. மைலேஜுக்காகத்தான் மாற்றினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் பெட்ரோல் டேங்க் பக்கம் இல்லை, சைலன்ஸர் பக்கம் இருக்கிறது. அது புரிய, முதலில் கார்புரேட்டர் எப்படி அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பதினாலே முக்காலுக்கு ஒன்று

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகுதான் எரியும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இதுதான் சரியான கலவை. காற்று இதைவிடக் குறைந்தால் மெக்கானிக்குகள் அதை ‘ரிச்’ என்பார்கள். எரியாத பெட்ரோல் கரியாகி ஸ்பார்க் பிளக்கில் படியும், கார்பன் மோனாக்சைடு வெளியே போகும், மைலேஜ் விழும். காற்று கூடினால் அது ‘லீன்’. எரிதல் மந்தமாகி இன்ஜின் திணறும், ‘மிஸ்ஸிங்’ அடிக்கும், சூடு ஏறும்.

இன்ஜினுக்கு எல்லா நேரத்திலும் ஒரே கலவை ஒத்துவராது என்பதுதான் சிக்கல். முழு இழுவை வேண்டுமென்றால் 13-க்கு ஒன்று என்ற அளவில் சற்று ரிச்சாக வேண்டும். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது 15, 16-க்கு ஒன்று போதும். குளிர்ந்த இன்ஜினைக் காலையில் கிளப்பும்போது பெட்ரோலில் பாதிக்கு மேல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோல் ஊற்ற வேண்டும். சோக்கை இழுப்பது இதற்காகத்தான்.

குறுகிய கழுத்து

கார்புரேட்டரின் நடுவே காற்று போகும் குழாய் ஒன்று இருக்கிறது. இரு முனையிலும் அகலமாக இருக்கும் அது நடுவில் குறுகும். இந்தக் குறுகலுக்குத்தான் வெஞ்சுரி என்று பெயர். குறுகிய குழாய்களில் திரவம் ஓடும் விதத்தை ஆராய்ந்து 1797-இல் எழுதிய இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரியின் பெயர் அது.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே பாய்கிறது. அகலமான இடத்தில் போகும் அதே அளவு காற்று குறுகிய இடத்தையும் கடந்தாக வேண்டும், எனவே அங்கே அது வேகமாகப் போகிறது. ஒரு பொருள் வேகம் பிடிக்க வேண்டுமானால் பின்னாலிருந்து எதுவோ அதைத் தள்ள வேண்டும். காற்றைத் தள்ளுவது காற்றேதான். அப்படியென்றால் பின்னால் உள்ள அழுத்தம் கூடுதலாகவும், முன்னால், அதாவது குறுகலில் உள்ள அழுத்தம் குறைவாகவும் இருந்தே தீர வேண்டும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைவதன் காரணம் இவ்வளவுதான்.

எவ்வளவு குறையும்? நம் 100 சிசி பைக்கையே எடுத்துக்கொள்வோம். குறுகலின் விட்டம் 16 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஆயிரத்தில் ஆறு நொடிக்குள் 80 மில்லிலிட்டர் காற்று அதைக் கடக்க வேண்டுமானால் வேகம் நொடிக்குச் சுமார் 65 மீட்டர், அதாவது மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் குறுகலின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட நாற்பதில் ஒரு பங்கு குறையும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பெட்ரோலை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கிவிட அது போதும்.

குறுகலின் அடிப்பக்கத்தில் ஒரு நுண்குழாய் எட்டிப் பார்க்கிறது. அதன் கீழ்முனை பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. கீழே பெட்ரோலின் மேற்பரப்பை வெளிக்காற்று முழு பலத்தோடு அழுத்துகிறது. மேலே குறுகலில் அழுத்தம் குறைவு. பெட்ரோல் குழாயில் ஏறி, பாய்ந்துபோகும் காற்றில் பீய்ச்சியடிக்கப்பட்டுத் துகளாகச் சிதறுகிறது. குழாயின் அடியில் உள்ள ஓட்டை போட்ட பித்தளைத் திருகாணிதான் ஜெட். எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்பதை அந்த ஓட்டையின் அளவு கட்டுப்படுத்துகிறது.

இதில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தக் குறைவு நான்கு மடங்காகிறது. நான்கு மடங்கு அழுத்தத்தில் ஒரு சிறு ஓட்டை வழியாகப் போகும் திரவம் இரண்டு மடங்காகிறது. காற்று இரட்டித்தால் பெட்ரோலும் தானாக இரட்டிக்கும். விகிதம் மாறாது. கார்புரேட்டர் நூறாண்டு தாக்குப்பிடித்ததன் ரகசியம் இந்தத் தற்செயல் பொருத்தம்தான்.

மிதவையின் காவல்

மேற்சொன்ன கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பெட்ரோலின் மட்டம் எப்போதும் நுண்குழாய் வாயிலிருந்து சில மில்லிமீட்டர் தாழ்வாக, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். டேங்க் நிறைந்திருந்தாலும் ரிசர்வுக்கு வந்துவிட்டாலும் மட்டம் மாறக் கூடாது. மட்டம் ஏறினால் தானாக வழியும், இறங்கினால் மெல்லிய இழுப்புக்குப் பெட்ரோல் ஏறாது. மெதுவாக ஓட்டும்போது பெட்ரோலைத் தூக்கும் பலம் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் இருக்கும் என்பதால் அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசமும் கலவையைக் கெடுத்துவிடும்.

இந்தக் காவலைச் செய்வது கார்புரேட்டரின் அடியில் தொங்கும் கிண்ணம், அதாவது ஃப்ளோட் சேம்பர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு என்ன செய்கிறதோ அதையேதான் இதற்குள் மிதவை செய்கிறது. கிண்ணம் நிறைய நிறைய மிதவை மேலே வருகிறது. அதன் நாக்கு ஒரு கூர்மையான ஊசியை மேலே தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கிறது. மட்டம் இறங்கினால் ஊசியும் இறங்கி வழி திறக்கிறது. ஜெர்மனியில் 1893 வாக்கில் வில்ஹெல்ம் மாய்பாக் செய்த கார்புரேட்டரில் மிதவையும் பீய்ச்சும் குழாயும் இப்படிச் சேர்ந்து அமைந்தன. அதற்கு முன்பு கார்ல் பென்ஸ் தன் முதல் வண்டியில் பெட்ரோல் பரப்பின் மீது காற்றைத் தவழவிட்டு ஆவியை அள்ளிக்கொண்டு போகச் செய்திருந்தார். அதில் அளவுக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை.

ஊசிக்கும் துளைக்கும் இடையே ஒரு துணுக்குத் தூசி சிக்கினால் போதும், பெட்ரோல் நிற்காது. பைக்கை நிறுத்தியிருக்கும்போதே ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டு விழும், நாற்றம் வரும், இன்ஜின் ரிச்சாகி ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் தூசி விலகிச் சில நேரம் சரியாகிவிடும். தட்டியும் நிற்கவில்லையென்றால் ஊசியின் முனை தேய்ந்திருக்கும், அல்லது மிதவை ஓட்டையாகிப் பெட்ரோலைக் குடித்து மூழ்கியிருக்கும்.

மிதவைக்கு இன்னொரு பலவீனம்: அது புவியீர்ப்பை நம்பியிருக்கிறது. 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த சண்டையில் இது உயிர்ப் பிரச்சினையாயிற்று. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் இன்ஜினில் மிதவைக் கார்புரேட்டர். விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பாய்ந்தால் பெட்ரோல் கிண்ணத்தின் கூரைக்கு எகிறும், ஜெட்டுக்குப் பெட்ரோல் போகாமல் இன்ஜின் விக்கும், அடுத்த கணம் பெட்ரோல் பெருகி மூச்சு முட்டும். எதிரே வந்த ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109-இல் நேரடி இன்ஜெக்‌ஷன் இருந்ததால் அது எப்படிப் பாய்ந்தாலும் இன்ஜின் ஓடியது. ஃபார்ன்பரோவில் பணியாற்றிய பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங், பெட்ரோல் வரும் வழியில் அளவாக ஓட்டை போட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டைப் பொருத்தி, பெருக்கெடுப்பதைத் தடுத்தார். 1941-இல் விமானத் தளங்களுக்கே போய் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். அது நோயைத் தணித்தது, தீர்க்கவில்லை.

ஒரே ஜெட் போதாது

பைக் சிக்னலில் நிற்கிறது, ஐட்லிங் மட்டும் ஓடுகிறது. இப்போது குறுகலில் காற்றின் வேகம் மிகக் குறைவு. நுண்குழாயில் பெட்ரோல் ஏறுவதற்கான இழுப்பே இல்லை. அதனால் ஐட்லிங்குக்குத் தனி வழி வைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் ஸ்லைடு அநேகமாக மூடியிருக்கும்போது அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே பலமான இழுப்பு உண்டாகும். அந்த இடத்தில் ஒரு சிறு துளை. அதற்குப் பெட்ரோல் அளந்து கொடுப்பது ஸ்லோ ஜெட். ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கினால் ஸ்லைடோடு சேர்ந்து கூம்பு வடிவ ஊசி ஒன்று மேலே எழும்பி வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தும். முழுதாக முறுக்கினால் மெயின் ஜெட்தான் எல்லை. ஆக, ஓட்டுநரின் கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கை மாறுகிறது.

இதைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் நல்ல மெக்கானிக் வண்டியைத் தொடாமலே நோயைச் சொல்கிறார். பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது:

“அண்ணே, ஓடுறப்ப நல்லா ஓடுது. சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது.”

“சோக்கைப் போட்டா நிக்காம ஓடுதா தம்பி?”

“ஓடுது.”

“அப்ப ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு. கழட்டிரலாம்.”

சோக்கைப் போட்டு ஓடினால் ஐட்லிங்கில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஓடும்போது நன்றாக ஓடினால் மெயின் ஜெட்டில் கோளாறில்லை. இரண்டு கேள்வியில் நோய் பிடிபட்டுவிட்டது. கிண்ணத்தைக் கழற்றி உள்ளிருப்பதை ஒரு வெள்ளை மூடியில் கவிழ்த்தால் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளும். மூலையில் தேன் நிறத்தில் பிசின் படிந்திருக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்ட வண்டியில் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப்போய் மிச்சம் நிற்பது அந்தப் பிசின். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவே ஓட்டை தெரிய வேண்டும். தெரியாது.

இங்கேதான் அவசரக்காரர்கள் தவறு செய்வார்கள். கையில் கிடைத்த கம்பியை நுழைத்துக் குடைவார்கள். 35 என்று எண் பொறித்த ஸ்லோ ஜெட்டின் ஓட்டை பொதுவாக 0.35 மில்லிமீட்டர். பித்தளை மெத்தென்ற உலோகம். குடைந்ததில் அது 0.40 ஆகிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஓட்டையின் பரப்பு முப்பது சதவீதம் கூடிவிடும். அன்றிலிருந்து வண்டி பெட்ரோலைக் குடிக்கும், எத்தனை முறை ட்யூனிங் செய்தாலும் அடங்காது. விவரம் தெரிந்தவர்கள் கார்ப் கிளீனரில் ஊறவைத்து ஏர் அடிப்பார்கள், போகாவிட்டால் புது ஜெட் போடுவார்கள்.

ஊட்டி மலையில் நடப்பது

இவ்வளவு சாமர்த்தியமான கருவிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அது காற்றின் வேகத்தைத்தான் உணர்கிறது, எடையை உணர்வதில்லை. எரிவதற்குத் தேவை எடைக் கணக்கு.

சென்னையில் ட்யூனிங் செய்த பைக்கை ஊட்டிக்கு ஓட்டிப் போகிறோம் என்று வையுங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே குளிர் இருந்தாலும் காற்று சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலேசு. பிஸ்டன் அதே 80 மில்லிலிட்டரை இழுக்கிறது. குறுகலில் வேகமும் அதேதான். ஆனால் காற்றின் எடை இருபது சதவீதம் குறைந்துவிட்டது. பெட்ரோலும் இருபது சதவீதம் குறைந்தால் கணக்குச் சரியாகும். அது அப்படிக் குறைவதில்லை. காற்று இலேசானால் அழுத்தக் குறைவும் இருபது சதவீதம் குறையும். ஆனால் ஓட்டை வழியாகப் போகும் பெட்ரோல் அதன் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றும். எனவே பெட்ரோல் பத்து சதவீதம் அளவுக்குத்தான் குறைகிறது. முடிவில் கலவை 12 சதவீதம் ரிச். 14.7 இருந்த இடத்தில் இப்போது 13.1 சொச்சம். ஏற்கெனவே 13-இல் ட்யூன் செய்திருந்தால் 11.6.

வேகத்துக்கு வர்க்கமாகப் பொருந்திய அதே கணக்கு, அடர்த்திக்கு வரும்போது காலை வாரிவிடுகிறது. மேலே போய்ச் சேர்வதற்குள் பிளக் கறுத்திருக்கும், ஐட்லிங் தடுமாறும். காற்று இலேசாக இருப்பதால் வரும் பலக் குறைவு எஃப்.ஐ. வண்டிக்கும் உண்டு, அதை யாராலும் தவிர்க்க முடியாது. கார்புரேட்டர் வண்டி அதற்கு மேல் தப்பான கலவையையும் சுமக்கிறது. மலையிலேயே ஓடும் வண்டிகளுக்குச் சிறிய மெயின் ஜெட் போட்டு, ஊசியை ஒரு பள்ளம் கீழே இறக்கிவைப்பார்கள். ஆனால் அதே வண்டி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவந்தால் லீன் ஆகிச் சூடேறும்.

சைலன்ஸர் கேட்ட நிபந்தனை

பத்துப் பன்னிரண்டு சதவீதப் பிசகு ஓட்டுநருக்குப் பெரிய விஷயமில்லை. வண்டி ஓடும். அந்தப் பிசகைப் பொறுக்காத ஒரு பொருள் சைலன்ஸருக்குள் வந்து உட்கார்ந்தபோதுதான் கார்புரேட்டரின் கதை முடிந்தது. அதன் பெயர் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்.

நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு கட்டையின் மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றை மிக மெல்லிதாகப் பூசியிருப்பார்கள். புகை அதன் ஊடே போகும்போது மூன்று நச்சுகளைப் போக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி என்ற இரண்டையும் எரித்துத் தீர்க்க ஆக்சிஜன் வேண்டும். மூன்றாவதான நைட்ரஜன் ஆக்சைடுகளிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒன்றுக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், மற்றொன்றிடமிருந்து எடுக்க வேண்டும். இவை இரண்டும் ஒரே கட்டையில் ஒரே நேரத்தில் நடப்பது கலவை 14.7-ஐ ஒட்டி நிற்கும்போது மட்டும்தான். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு சதவீதம் விலகினாலே மூன்றில் ஏதோ ஒன்று தப்பித்து வெளியேறத் தொடங்கும்.

ஊட்டியில் 12 சதவீதம் நழுவிய கார்புரேட்டரை இந்த ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெட் எவ்வளவு துல்லியமாகத் துளைக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை. வெயில், மழை, உயரம், அழுக்கேறிய ஃபில்டர், தேய்ந்த ஊசி என்று எது மாறினாலும் கலவை மாறும். மாறியது கார்புரேட்டருக்குத் தெரியவே தெரியாது. தான் கலந்தது எப்படி எரிந்தது என்று அதற்குச் சொல்ல ஆளில்லை.

சொல்ல ஓர் ஆளை 1976-இல் போஷ் நிறுவனம் கொண்டுவந்தது. அதுதான் ஆக்சிஜன் சென்ஸார். முதலில் வோல்வோ காரில் பொருத்தப்பட்டது. புகைக்குழாயில் பதித்த இந்தச் சென்ஸார் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறது. கலவை ரிச் என்றால் 0.8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். லீன் என்றால் 0.1 வோல்ட்டுக்குச் சரியும். இந்தப் பதிலைக் கார்புரேட்டருக்குச் சொல்லிக்கொடுக்கவும் முயன்று பார்த்தார்கள். 1980-களின் கார்கள் சிலவற்றில் மின்காந்த வால்வு பொருத்திய கார்புரேட்டர்கள் வந்தன. குழாயும் வயருமாகச் சிக்கல் பெருகியதே தவிர, வேலை முழுதாக முடியவில்லை.

அளந்து அடிக்கும் ஊசி

இன்ஜெக்‌ஷன் கேள்வியையே திருப்பிப் போட்டது. காற்று பெட்ரோலை இழுக்கட்டும் என்று விடாமல், காற்றின் எடையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை நாமே அடிக்கலாம் என்பது அதன் வழி.

டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் பெட்ரோலை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்கில் வைத்திருக்கிறது. இன்ஜின் பக்கமுள்ள காற்றுக் குழாயில் ஓர் அழுத்தமானி, ஒரு வெப்பமானி. இவற்றோடு இன்ஜினின் வேகமும் தெரிந்தால் இந்த இழுப்பில் எத்தனை மில்லிகிராம் காற்று உள்ளே போகிறது என்று இ.சி.யு. என்ற சிறு கணினி கணக்கிட்டுவிடும். 14.7-ஆல் வகுத்தால் பெட்ரோலின் எடை. அந்த அளவு வெளியேறும்வரை, ஆயிரத்தில் சில நொடிகள் மட்டும், இன்ஜெக்டரின் வால்வைத் திறந்து மூடுகிறது. முழு இழுவையில் நாம் தொடக்கத்தில் பார்த்த 6 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் அதிக நேரம், ஐட்லிங்கில் மிகக் குறைவான நேரம். ஊட்டிக்குப் போனால் அழுத்தமானி குறைத்துக் காட்டும், திறக்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும். ஜெட் மாற்ற வேண்டியதில்லை.

அடித்த பிறகு புகைக்குழாயிலிருந்து பதில் வருகிறது. ரிச் என்றால் அடுத்தடுத்த இழுப்புகளில் கொஞ்சம் குறை. லீன் என்றால் கொஞ்சம் கூட்டு. இப்படி 14.7-இன் இருபுறமும் மெல்ல ஊசலாடியபடியே கலவை அங்கேயே நிற்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கேட்டது இதைத்தான்.

இந்தத் தொழில்நுட்பம் 2020-இல் முளைத்ததல்ல. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஃபோக்ஸ்வேகன் 1967-லேயே போஷின் மின்னணு இன்ஜெக்‌ஷனைத் தன் 1600 காரில் கொடுத்தது. நம் நாட்டில் ஹீரோ ஹோண்டா 2006-இல் கிளாமர் எஃப்.ஐ. பைக்கைக் கொண்டுவந்தது. விலை கூடுதல் என்பதால் கார்புரேட்டர் பைக்குகளே நெடுங்காலம் விற்றன. சென்னையின் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தில் செய்துவந்த கார்புரேட்டர்கள் எத்தனையோ வண்டிகளில் ஓடின. பி.எஸ். 6 விதிகள் அந்தச் சமநிலையை உடைத்தன. நைட்ரஜன் ஆக்சைடு ஒரு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடு 1 கிராமைத் தாண்டக் கூடாது என்றார்கள். கோளாறு வந்தால் வண்டியே கண்டுபிடித்து மீட்டரில் விளக்கெரிய வேண்டும் என்றும் விதித்தார்கள். மிதவையும் ஊசியும் விளக்கெரிக்காது.

இழந்ததும் மிச்சமும்

மாற்றத்துக்கு விலை இருக்கிறது. பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் வண்டி கிளம்பாது. டேங்கை அடிக்கடி வறளவிட்டால் பெட்ரோலில் மூழ்கியே குளிர வேண்டிய பம்ப் சூடேறிக் கெடும். சாலையோரப் பட்டறையில் ஸ்பேனரும் ஏர் அடிக்கும் குழாயும் வைத்துச் சரிசெய்த வேலைக்கு இப்போது ஸ்கேனர் வேண்டும். ஸ்லோ ஜெட் வாங்கும் காசுக்குச் சென்ஸார் கிடைக்காது.

கார்புரேட்டர் முற்றிலும் போய்விடவும் இல்லை. புல் வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் செயின் சா, சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் ஆகியவற்றில் அதுதான் ஓடுகிறது. செயின் சாவைத் தலைகீழாகவும் சாய்த்தும் பிடிக்க வேண்டியிருப்பதால் அதில் மிதவை வைப்பதில்லை. மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. நம் சாலைகளில் பி.எஸ். 4-உம் அதற்கு முந்தையதுமான பைக்குகள் இன்னும் ஏராளம்.

அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கணக்கு வந்திருக்கிறது. நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். இந்தக் கலப்புப் பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5-ஐ ஒட்டியது. எஃப்.ஐ. வண்டியில் ஆக்சிஜன் சென்ஸார் இதைப் பார்த்துத் தானாகப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட் அதே ஓட்டைதான், எனவே கலவை ஏழெட்டு சதவீதம் லீன் பக்கம் நகரும். ஊட்டியில் நடந்ததற்கு நேர்மாறு. பழைய வண்டி முன்பைவிட இழுக்கத் தயங்கினால், பிளக் வெளுத்துக் காட்டினால், ஸ்லோ ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் ஒரு எண் கூட்டிப் போடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்பதில் தவறில்லை.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் சில வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி உள்ளிருப்பதை ஒரு புட்டியில் வடித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்தால் 0.35 மில்லிமீட்டர் ஓட்டை அடைபடாது, அதைக் குடைய ஒருவர் கம்பியோடு வரவும் வேண்டியிருக்காது.